ஒன்றரை மூடி மருந்து

என் அக்கா மகள் துர்காவுக்குச் சாமி வந்தது என்று எங்கள் ஊரில் ஏழு மாதமாகப் பேசினார்கள். வந்தது சாமியில்லை, ஒன்றரை மூடி சளி மருந்து. அதை ஊற்றிக் கொடுத்த மகராசன் நான்தான்.

என் பெயர் ராஜபாண்டி. எம்.ரெட்டியபட்டியில் லோடு வண்டி ஓட்டுகிறேன். பருத்தி, மக்காச்சோளம், செங்கல், பந்தி நாற்காலி என்று எதைச் சொன்னாலும் ஏற்றுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் யார் எங்கே வழுக்கி விழுந்தாலும் அதை நாலு பேரிடம் நடித்துக் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் ஏழு மாதம் ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தேன் என்றால், அது எப்படிப்பட்ட விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசியில் துர்காவுக்குக் காதுகுத்து வைத்தார்கள். அத்தான் முத்துராஜ் வீட்டுக் குலசாமி கருப்பு. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் கோவில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அது எனக்கு மரியாதை, பயமும் அதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு என் கூட்டாளி சீனிச்சாமியின் அக்கா பிள்ளை அவன் மடியில் இருந்து துள்ளி, ஆசாரி ஊசி கோணலாகப் போய், பிள்ளை காதில் ரத்தம், இவன் வேட்டியில் மூத்திரம். "மாமன் மடி பிள்ளைக்கு ஒத்துக்கல" என்று ஒரு கிழவர் சொன்னதை ஊரே பிடித்துக்கொண்டது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று கேட்காதீர்கள். என் வண்டிக்கு ஆல் இண்டியா பெர்மிட் இல்லை என்பதால்தான் விருதுநகரோடு நின்றது.

அந்தச் சீனிச்சாமியே யோசனை சொன்னான்.

"ஏலே, சளி மருந்து இருக்குல்ல, குடிச்சா கண்ண சொக்குமே, அதக் குடுத்துரு. பிள்ள அசந்து தூங்கிரும். ஆசாரி குத்துறது அதுக்கே தெரியாது."

கடையில் எனக்குத்தான் சளி என்று சொல்லி ஒரு பாட்டில் வாங்கினேன். கோவிலுக்குப் போய் இறங்கியதும், அக்கா பாண்டீஸ்வரி பொங்கல் வைக்கப் போன நேரம் பார்த்து, துர்காவை வண்டிக்குப் பின்னால் கூட்டிப் போய் ஒரு மூடி கொடுத்தேன். இனிப்பாக இருந்ததால் நக்கிக் குடித்தாள். நாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு என்று எனக்கு என்ன தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் அரை மூடி கொடுத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, நான் புதுப் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்தேன். தூங்கவில்லை. முதலில் ஒரு சிரிப்பு. சம்பந்தமே இல்லாமல் கெக்கெக்கே என்று சிரித்தாள். பிறகு முகம் சிவந்து, கண் அகலமாகி, என்னை யார் என்றே தெரியாதவள் மாதிரி பார்த்துவிட்டு, தோள்பட்டையில் கடித்தாள். ஆசாரியைக் காலால் எத்தினாள். புதுப் பாவாடையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் புரண்டாள். அக்கா ஓடி வந்து தூக்கினால் அக்காவையும் அறைந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என் கதை.

மருந்து பத்தவில்லை போலிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், இன்னொரு மூடி ஊற்றத்தான் வண்டிக்கு ஓடினேன். பாட்டில் வைத்த பைக்கு மேல் எவனோ அரிசி மூட்டையைப் போட்டிருந்தான். மூட்டையை இழுப்பதற்குள் ஆட்கள் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த மூட்டையைப் போட்டவன் யாரென்று இன்றைக்கு வரை தெரியாது. அவன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அத்தானின் பெரியப்பா பொன்னுச்சாமிதான் பூசாரி. பிள்ளையைப் பார்த்தார், அக்காவின் காலைப் பார்த்தார். பொங்கல் அடுப்பை விட்டுவிட்டுப் பதறி ஓடி வந்தவள் எல்லைக் கல்லைத் தாண்டியும் செருப்பைக் கழற்ற மறந்திருந்தாள்.

"கருப்பன் எல்லைக்குள்ள செருப்போட வந்துட்டியேம்மா. அதான் பிள்ள மேல வந்து நிக்கிறாக."

திருநீறு பூசினார், வேப்பிலை அடித்தார். மூன்று மணி நேரம் ஆடிவிட்டுத் துர்கா அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். மறுநாள் காலையில் எழுந்து இட்லி கேட்டாள். எதுவும் நினைவில்லை. ஊர் என்ன சொல்லும்? சாமி இறங்கிவிட்டது என்றது. அக்கா அழுதுகொண்டே நேர்ந்துகொண்டாள். அடுத்த மாசி வரைக்கும் தாயும் பிள்ளையும் காலில் செருப்பு தொடமாட்டோம் என்று.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளை என்பது வாரமாகி, வாரம் மாதமாகி, பிறகு சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டது. சீனிச்சாமிக்குப் பேச வாய் கொடுத்துவிடுவேனே என்ற வெட்கமும் ஒரு காரணம், மறைப்பானேன்.

எங்கள் ஊரில் செருப்பில்லாமல் நடப்பது பட்டணத்துப் பூங்காவில் நடப்பது மாதிரி இல்லை. கரிசல் மண் சித்திரையில் வெடித்து ஓடு ஓடாக நிற்கும். அதற்கு நடுவே சீமைக்கருவேல முள், மூன்று அங்குலம், ஒரு வருடம் காய்ந்தாலும் கூர் மழுங்காது. அக்கா பருத்திக் காட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் வெறுங்காலோடு போனாள். அவள் குதிகால் வெடிப்பில் பத்துப் பைசாவைச் செருகலாம். பார்க்கும்போதெல்லாம் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அவள் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினேன். "தம்பி ஏன் வாரதே இல்ல?" என்று கேட்டால் லோடு இருக்கிறது என்பேன்.

புரட்டாசியில் துர்கா பால்வாடிக்குப் போகிற வழியில் உள்ளங்காலில் முள் ஏறியது. அக்கா ஊக்கு வைத்து எடுத்தாள். வந்தது பாதி. மீதி முறிந்து உள்ளே நின்றுவிட்டது. நாலாம் நாள் கால் பணியாரமாக வீங்கி, சீழ் பிடித்து, காய்ச்சல் கொதித்தது. அத்தானுக்கு மில்லில் ஷிப்டு. நான்தான் என் வண்டியில் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அக்கா மடியில் துர்கா முனகிக்கொண்டே வந்தாள். இந்த முள் எந்தக் கருவேலத்தில் முளைத்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையில் ஊசி மாட்டி, அசையாமல் இருக்க ஒரு அட்டையை வைத்துக் கட்டி, இரவு முழுக்க மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காலையில் தியேட்டரில் வைத்துக் கீறி, முள்ளையும் சீழையும் எடுப்பதாகச் சொன்னார்கள். இன்னும் தள்ளிப்போட்டால் எலும்புக்கு இறங்கிவிடும் என்றார்கள்.

காலை ஒன்பது மணிக்கு மயக்க டாக்டர் வந்தார். பெயர் பிரவின்குமார், இளம் வயசு. கூட தியேட்டர் நர்ஸ் வெங்கடலட்சுமி. அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்காரர். ஐம்பது வயதிருக்கும். மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டு, குரலில் அதட்டலும் பாசமும் பாதிக்குப் பாதி கலந்து வைத்திருந்தார்.

டாக்டர் அக்காவிடம் வரிசையாகக் கேட்டார். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள்? இழுப்பு, வலிப்பு உண்டா? இதற்கு முன்னால் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் அக்கா. அவளைப் பொறுத்தவரை அது உண்மைதான். காதுகுத்தில் நடந்தது அவளுக்கு மருந்துக் கணக்கில் இல்லை, சாமிக் கணக்கில் இருந்தது.

நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான், திறக்கவில்லை. அது வேறு மருந்து, இது ஆஸ்பத்திரி மருந்து, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மாவை விட்டு தியேட்டருக்குள் போகும்போது பிள்ளை பயந்து அழக்கூடாது என்பதற்காக, முதலில் கொஞ்சம் சொக்க வைக்கிற மருந்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். துர்கா நக்கிக் குடித்தாள். அதே மாதிரி நக்கினாள்.

கால் மணி நேரம் போனது. தலை லேசாக ஆடியது. தூங்கப் போகிறாள், நல்லபடியாகப் போகிறது என்று நான் மூச்சு விட்டேன்.

கெக்கெக்கே.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்க்கவில்லை. அடுத்த நிமிடம் துர்கா கட்டிலில் எழுந்து நின்றாள். புண் காலை ஊன்றி நின்றாள், வலியே தெரியாதவள் மாதிரி. அக்கா பிடிக்கப் போனால் மணிக்கட்டில் கடித்தாள். அலறினாள், துள்ளினாள், கையில் மாட்டியிருந்த ஊசியைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை எங்களிடம் இல்லை.

பயிற்சிக்கு வந்திருந்த ஒரு நர்ஸ் பிள்ளை, "டோஸ் பத்தல போல சார், இன்னும் கொஞ்சம் குடுக்கலாமா?" என்றது. அன்றைக்கு வண்டிக்குப் பின்னால் நான் நினைத்த அதே நினைப்பு.

"இரும்மா" என்றார் டாக்டர். "பத்தலன்னு எப்படித் தெரியும்? மொதல்ல வேற எதுவும் இல்லன்னு பாப்போம்."

விரலில் கிளிப்பை மாட்டிப் பிராணவாயு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்த்தார்கள். மூச்சு பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளை கட்டிலில் இருந்து விழாமல் வெங்கடலட்சுமி அக்கா தன் உடம்பாலேயே அணைத்து நின்றார். ஊசி மாட்டிய கையை மட்டும் தன் கைக்குள் விடாமல் வைத்திருந்தார். கடி அவருக்கும் விழுந்தது.

அதற்குள் என் அக்கா போனில் பொன்னுச்சாமிப் பெரியப்பாவைப் பிடித்துவிட்டாள். மூன்று வார்த்தைதான் சொன்னாள். போனை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்க வந்தாள்.

"சிஸ்டர், பிள்ளய விடுங்க. நாங்க போறோம். கத்தி படக்கூடாதாம். கோவில் வாசல்ல கொண்டுபோய்ப் போடச் சொல்றாக. இது அதேதான், எனக்குத் தெரியும், அதேதான். ராஜா, வண்டிய எடுலே!"

"எம்மா, மருந்து உள்ள போயிருக்கு. இந்த நெலையில கொண்டுபோனா வழியில திடீர்னு தூங்கி, மூச்சு அடைச்சாலும் பாக்க ஆளிருக்காது" என்றார் டாக்டர். "கால்ல சீழ் வேற."

"சாமி கோவிச்சிருக்கு சார். உங்களுக்குப் புரியாது."

டாக்டர் வாயைத் திறந்தார். வெங்கடலட்சுமி அக்கா கண்ணாலேயே அவரை நிறுத்தினார். அந்த அம்மா சாமி உண்டு இல்லை என்று பேசவே இல்லை. பிள்ளையை அணைத்தபடியே கேட்டார்:

"அதேதான்னு சொன்னியே தாயி. அப்படின்னா முந்தி எப்ப வந்துச்சு?"

"மாசியில. காதுகுத்துல."

"அன்னைக்கி எத்தன மணிக்கி ஆரம்பிச்சு, எத்தன மணிக்கி நின்னுச்சு?"

"பத்து மணி இருக்கும். ஒரு மணிக்குத் தூங்கிட்டா."

"சரி. பத்து மணிக்கு முன்னால பிள்ள என்ன சாப்பிட்டா? என்ன குடிச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஒண்ணும் சாப்பிடலயே. பொங்கல் அப்பத்தான் வச்சேன். ஒண்ணுமே…"

அக்கா யோசித்தாள். அவள் எவ்வளவு யோசித்தாலும் அதற்குப் பதில் அவளிடம் இல்லை. பதில் என்னிடம் இருந்தது. வண்டிச் சாவி என் கைக்குள் இருந்தது. நான் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. துர்கா என்ன ஆவாள் என்பதுதான் தெரியாது.

"நான் குடுத்தேன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை, பிள்ளை அப்படிக் கத்திக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை நானும் கத்தினேன். "நான்தான் குடுத்தேன்! சளி மருந்து. ஒன்றர மூடி. வண்டிக்குப் பின்னால வச்சி. தூங்கட்டும்னு குடுத்தேன். சாமியெல்லாம் வரலக்கா."

அக்கா முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. எனக்கு அது மட்டும் முடியாது.

டாக்டர் சட்டென்று திரும்பினார். "என்ன மருந்து? பேரு தெரியுமா?" பெயர் எனக்கு மறந்தே போகவில்லை. ஏழு மாதமாக அந்தப் பாட்டில் வண்டி டேஷ்போர்டுக்குள்தான் கிடக்கிறது. சொன்னேன். "எவ்வளவு நேரத்துல ஆரம்பிச்சுச்சு? வலிப்பு மாதிரி இழுத்துச்சா? பெறகு சரியாயிட்டாளா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

"சரி. அப்படின்னா இதுவும் மருந்துதான் பண்ணுது. இத எறக்குறதுக்கு எதிர்மருந்து இருக்கு" என்றார் டாக்டர். ஒரு சிறு ஊசிக்குழாயில் கொஞ்சமே கொஞ்சம் எடுத்து, துர்கா கையில் இருந்த ஊசி வழியாக மெதுவாகச் செலுத்தினார். வெங்கடலட்சுமி அக்கா அந்தக் கையை மட்டும் விடாமல் காப்பாற்றி வைத்திருந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். ஒரு நிமிடம். அலறல் அழுகையாக இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம். அழுகை விசும்பலானது. துர்கா சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பேர் ஏன் தன்னைச் சுற்றி நிற்கிறார்கள் என்று புரியாமல் உதடு பிதுங்கியது.

"அம்மா, கால் வலிக்கிது."

கால் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லிக் கேட்டு இரண்டு பெரியவர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது. அக்கா பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு வெட்கமில்லை.

டாக்டர் உடனே தியேட்டருக்குள் கொண்டுபோகவில்லை. எதிர்மருந்து சீக்கிரம் வடிந்துவிடும், முதல் மருந்து அதைவிட நேரம் நிற்கும், அதனால் மறுபடி ஆட்டமோ தூக்கமோ வரலாம் என்று பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"சார், தூங்குற மருந்து ஏன் சார் பேயா ஆட வைக்கிது?"

"முழுசா யாருக்கும் தெரியாது. நூத்துல சில பேருக்கு இப்படி நடக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் கொஞ்சம் கூடுதலா நடக்கும்." அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்க அத்தான் மில்லுல வேல பாக்குறாருன்னு சொன்னாங்க. ஷிப்டுல மொதல்ல சூப்பர்வைசர் தூங்கிட்டாருன்னு வைங்க, மத்தவங்க எல்லாரும் முழிச்சிருக்காங்க. மில்லு என்ன ஆகும்? மூளையில அடக்கி வைக்கிற இடம் மொதல்ல அசந்துருது, மிச்சம் ஆடுது. அப்படித்தான் நெனைக்கிறோம். பத்தலன்னு நெனச்சு மேல மேல ஊத்துனா, ஆட்டமும் கூடலாம், கடைசில மூச்சும் அடங்கலாம். நீங்க அன்னைக்கி குடுத்ததே அதிகம்."

"இதும் அதும் ஒரே மருந்தா சார்?"

"இல்ல, வேற வேற. அதுக்கு ஆடுனா இதுக்கும் ஆடணும்னு கட்டாயம் இல்ல. ஆனா காலையில நீங்க சொல்லியிருந்தா நான் வேற வழி பாத்திருப்பேன்." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திட்டுகிற வேலையை வெங்கடலட்சுமி அக்கா எடுத்துக்கொண்டார். கடி பட்ட இடத்தைக் கழுவிக்கொண்டே, "எங்க மாமனாரு சௌடையா, எழுவத்தெட்டு வயசு" என்றார். "தூக்கம் வரலன்னு யாரோ குடுத்த மாத்திரையப் போட்டு, தறிக்குப் பாவு ஓட்டப் போறேன்னு ராத்திரி தெருவுல எறங்கிட்டாரு. புத்தி பிசகிருச்சுன்னு வீட்டுல ஒப்பாரி. இன்னொரு மாத்திரை குடுக்கப் போனாங்க. நான் மாத்திரைய நிறுத்துனேன், மனுசன் சரியாயிட்டாரு. அதனால சொல்றேன். பிள்ளைக்கும் பெரியவங்களுக்கும் எத ஊத்துனாலும் கேட்டு ஊத்து. ஊத்திட்டா மறைக்காத. வெளங்குதா?"

"வெளங்குதுக்கா."

"வெளங்குன மூஞ்சியா இது!" என்றார். அந்தத் திட்டு எனக்குப் பிரசாதம் மாதிரி இருந்தது.

பிற்பகலில் வேறு மருந்தை நரம்பு வழியாகக் கொடுத்து மயக்கினார்கள். இருபது நிமிட வேலை. வெங்கடலட்சுமி அக்கா ஒரு சின்ன டப்பாவில் அந்த முள்ளை வைத்துக் காட்டினார். ஒரு அங்குலம் இருந்தது. நான் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், குடிப்பாள், டம்ளரைக் கீழே வைப்பாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தேன். அத்தான் ஷிப்டு முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டு என்னை அடிக்கக் கையை ஓங்கினார். துர்கா "மாமாவ அடிக்காதீக" என்று அழுததால் கையைத் தாழ்த்தினார். என்ன பிள்ளை பாருங்கள். என்னால் படாத பாடெல்லாம் பட்டவள் எனக்கே காவல் நிற்கிறாள்.

நாலாம் நாள் அனுப்பிவைத்தார்கள். டாக்டர் ஒரு சீட்டில் சிவப்பு மையில் இரண்டு மருந்தின் பெயரையும் எழுதி, இவை கொடுத்தபோது பிள்ளைக்குக் கட்டுப்படாத பதற்றம் வந்தது, மயக்கம் கொடுக்கும் முன் இதைப் பார்க்கவும் என்று குறித்துக் கொடுத்தார். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டவேண்டும் என்றார். அக்கா அதை எதிர்க்கடையில் லேமினேஷன் போட்டாள். இன்றைக்கு அது அவள் வீட்டில் கருப்பசாமி படத்துக்குக் கீழேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு பொட்டுத் திருநீறு விழுகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

வெங்கடலட்சுமி அக்காவைத் தேடிப் போய்க் கும்பிட்டேன். மல்லிகைப்பூ ஒரு பந்து வாங்கிப் போயிருந்தேன். "கடிச்சது அவ, பூ நீ குடுக்குறியா?" என்று சிரித்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். டாக்டர் வார்டில் இருந்தார். வாசலிலேயே நின்று அவரையும் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் பார்க்கவில்லை. பரவாயில்லை, நான் கும்பிட்டேன்.

வெளியே உச்சி வெயில். வண்டி தெருக்கோடியில் நின்றது. வாசலில் தார் ரோடு பளபளவென்று உருகிக் கிடந்தது. நான் துர்காவுக்குச் சிவப்பில் பொம்மை போட்ட செருப்பு ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன். கட்டுப் போடாத காலில் ஒன்றை மாட்டிவிட்டேன். அக்கா தடுக்கவில்லை. ஆனால் அவள் மட்டும் வெறுங்காலை எடுத்துத் தாரில் வைக்கப் போனாள்.

"அக்கா, வேணாம்க்கா. சாமி கோவப்படவே இல்லன்னு ஆயிருச்சுல்ல. நேர்ச்ச எதுக்கு?"

மூன்று நாளைக்குப் பிறகு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏலே, நேந்தது நேந்ததுதான். பொய் உன்னோடது. ஆனா மறுநாள் பிள்ள எந்திரிச்சு இட்லி கேட்டாள்ல, அது பொய்யா? இப்ப கால் வலிக்கிதுன்னு சொன்னாள்ல, அது பொய்யா? அதுக்கெல்லாம் யாராச்சும் நன்றி சொல்ல வேணாமா?"

நான் துர்காவின் செருப்பு வாரை மறுபடி இழுத்து மாட்டினேன்.

"பெரியப்பாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்" என்றாள். "ஏழு மாசம் நாங்க நடந்துட்டோம். மிச்சம் அஞ்சு மாசம். எவன் ஊத்திக் குடுத்தானோ அவன் நடக்கட்டும்னு சொல்லிட்டாக."

நான் அங்கேயே குனிந்து என் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தேன். ஒன்பதாம் நம்பர் செருப்பு. அந்த வெடித்த குதிகாலை அதற்குள் நுழைத்துக்கொண்டு, தப்புத் தப்பென்று சத்தம் எழுப்பியபடி அவள் முன்னால் நடந்தாள். ஏழு மாதமாக என் நெஞ்சில் கிடந்த பாரம் அந்தச் சத்தத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. துர்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் தாரில் கால் வைத்தேன். சுட்டது. நாலு எட்டிலேயே நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருந்தால் சீனிச்சாமிக்கு அடுத்த பத்து வருடத்துக்குக் கதை கிடைத்திருக்கும். வரட்டும், அவனிடம் நானே சொல்லப் போகிறேன்.

"மாமா, சுடுதா?" தோளில் இருந்து துர்கா கேட்டாள்.

"சுடுதுடா தங்கம்."

கையில் வைத்திருந்த இன்னொரு சிவப்புச் செருப்பை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தா, நீ போட்டுக்க. எனக்கு ஒரு காலுதான இருக்கு, இது சும்மாதான் இருக்கு."